பூர்வீக வீடு: விற்பதா, வாடகைக்கு விடுவதா, ஒருவரே எடுத்துக்கொள்வதா?

திருச்சியில் ஒரு கிரவுண்ட் மனையில் அப்பா 1985-இல் கட்டிய வீடு என்று வைத்துக்கொள்வோம். அவர் உயில் எழுதவில்லை. அம்மாவும் இப்போது இல்லை. வாரிசுச் சான்றிதழில் அண்ணன், தங்கை, தம்பி என மூன்று பேர். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு மூன்றில் ஒரு பாகம். "தங்கைக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

அண்ணன் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே இருக்கிறார். தானே எடுத்துக்கொள்ள ஆசை, ஆனால் கையில் இருப்பது 35 லட்சம்தான். கோவையில் இருக்கும் தங்கை விற்றுவிடலாம் என்கிறார். துபாயில் இருக்கும் தம்பி, இடம் விலை ஏறும், வாடகைக்கு விட்டு வைப்போம் என்கிறார்.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால்தான் பேச்சு முற்றுகிறது. அண்ணன் சொல்வது பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, 60 லட்சம். தங்கை சொல்வது பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் விலை, ஒரு கோடியே பத்து லட்சம். முதலில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்து, கட்டணத்தை மூன்றாகப் பங்கிட்டு, ஒரே விலைக்கு வர வேண்டும். அது 90 லட்சம் என்று வந்ததாகக் கொள்வோம். ஆளுக்கு 30 லட்சம்.

விற்றால்

மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் முழு வீட்டையும் விற்க முடியும். தம்பி வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றளித்து பவர் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அந்தக் கெடுவைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, பத்திரப்பதிவு நாளில் விழிப்பவர்கள் உண்டு.

வரியைப் பார்ப்போம். 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, 2001 ஏப்ரல் 1 அன்றிருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது 6 லட்சம் என்றால் ஒரு பாகத்துக்கு 2 லட்சம். தங்கைக்கு லாபம் 28 லட்சம். அதற்கு மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம் என்றால் மூன்றரை லட்சம், மேல்வரியோடு சுமார் 3 லட்சத்து 64 ஆயிரம். பணவீக்கத்தைச் சரிசெய்து 20 சதவீதம் கட்டும் பழைய முறையும் தங்கைக்கு உண்டு. இந்தக் கணக்கில் அது கூடுதலாகவே வரும். வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்காகும் தம்பிக்கு அந்தத் தேர்வே இல்லை. அதோடு, அவர் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி உள்ளூர்க்காரர்களுக்குப் பிடிக்கும் 1 சதவீதத்தைவிட மிக அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரி அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்காவிட்டால், அந்தப் பணம் கணக்குத் தாக்கல் செய்து திரும்பி வரும்வரை முடங்கிக் கிடக்கும்.

விற்பதில் எல்லோருக்கும் சுத்தமாகக் கணக்கு முடிகிறது. இழப்பு அண்ணனுக்குத்தான். அவர் இதே விலையில் வேறு வீடு வாங்கப் போனால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 8 லட்சத்துக்கு மேல் போகும். "வழிகாட்டி மதிப்புக்குக் கொடு" என்று கேட்கும் அண்ணன்மார் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சந்தை விலையையே கொடுத்தாலும் அவருக்கு லாபம்தான்.

வாடகைக்கு விட்டால்

இப்படிப்பட்ட வீட்டுக்கு மாதம் 18,000 வாடகை வரும் என்று வைத்தால் ஆண்டுக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். சொத்துவரி, பராமரிப்பு போக ஆளுக்கு 60,000 தேறலாம். 30 லட்சம் பெறுமான பங்குக்கு இது 2 சதவீதம். நிரந்தர வைப்பு இதைவிட அதிகம் தரும். மீதியெல்லாம் இடம் விலை ஏறும் என்ற நம்பிக்கை.

நாற்பது வயது வீட்டில் தளம் ஒழுகினால் நான்கு லட்சம் செலவு வரும். அதை யார் போடுவது என்பதில்தான் அடுத்த சண்டை. அண்ணனே அங்கே இருப்பதால், வாடகைக்கு விடுவது என்றால் அவர் மாதம் 12,000 மற்ற இருவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது காலி செய்ய வேண்டும். இரண்டுக்கும் அவர் சம்மதிக்காவிட்டால் தம்பி சொல்லும் வழி வெறும் பேச்சுதான். வெளியாளுக்கு விட்டால் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். மூவரும் கையெழுத்திட வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து காலம். மூவரில் ஒருவர் காலமானால் அவர் பாகம் அவருடைய வாரிசுகளுக்குப் பிரியும். மூன்று கையெழுத்து ஏழு, எட்டு ஆகிவிட்டால் பிறகு எதுவும் நகராது.

அண்ணன் எடுத்துக்கொண்டால்

இதற்கு, ஒரு பங்காளி தன் பாகத்தை இன்னொரு பங்காளிக்கு விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் போதும். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையிலிருந்து இதுதான் அளவு. தங்கை பாகத்தின் வழிகாட்டி மதிப்பு 20 லட்சம் என்பதால் மொத்தம் 30,000-இல் முடிந்துவிடும். அதே பாகத்தைக் கிரயமாக எழுதினால் 30 லட்சத்துக்கு 9 சதவீதம், 2 லட்சத்து 70 ஆயிரம்.

எனக்கு இந்த வழிதான் சரி என்று படுகிறது, ஆனால் முழுதாக இல்லை. அண்ணனிடம் 60 லட்சம் இல்லை. இருக்கும் பணத்தில் தங்கை பாகத்தை மட்டும் இப்போது எடுத்துக்கொள்ளட்டும். தங்கைக்குத் தேவை பணம், கிடைத்துவிடும். தம்பி விலை ஏறும் என்று நம்புகிறார், அவர் பாகம் அப்படியே இருக்கட்டும். மாதம் 6,000 அவர் கணக்குக்குப் போகட்டும். மூன்று ஆண்டு கழித்துப் புதிதாக மதிப்பிட்டு, அந்த விலைக்கு அண்ணன் தம்பி பாகத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் இருவரும் சேர்ந்து விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம்.

பத்திரத்தில் இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். ஒன்று, தங்கை தன் மூன்றில் ஒரு பாகத்தை அண்ணன் பெயருக்கு விடுதலை செய்கிறார் என்று அவர் பெயரைச் சொல்லியே இருக்க வேண்டும். "என் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று பொதுவாக எழுதினால், அந்தப் பாகத்தில் தம்பிக்கும் பங்கு உண்டு என்ற வாதத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது, தொகை. "அன்பு, பாசம் காரணமாக" என்று மட்டும் எழுதிவிட்டு 30 லட்சத்தைத் தனியாக ரொக்கமாகக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. அப்போது தங்கை அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் எங்கிருந்து வந்தது என்று காட்ட வழியில்லை. பணம் வராவிட்டாலோ, கேட்க ஆதாரமே இல்லை. வங்கி வரைவோலை எண், தேதி, தொகை எல்லாம் பத்திரத்தில் ஏற வேண்டும். விடுதலைக்கும் மூலதன ஆதாய வரி உண்டு. விற்றிருந்தால் கட்டியிருக்கும் அதே வரியைத்தான் தங்கை இங்கேயும் கட்டுவார். "பாதி இப்போது, மீதி அடுத்த வருடம்" என்றால் பாதிப் பாகத்துக்கு மட்டும் இப்போது பத்திரம் போடுவது நல்லது. கையெழுத்துப் போட்டபின் மீதியை வாங்குவது சொந்த அண்ணனிடம்கூட எளிதல்ல.

யாரும் இறங்கி வராவிட்டால் பாகப்பிரிவினை வழக்குதான். வீட்டைப் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் கருதினால், பாதிக்குக் குறையாத பாகம் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளும்போது 1893-ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டப்படி விற்க உத்தரவிடலாம். அப்போதும் மற்ற பங்காளி அந்தப் பாகத்தை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளரை வைத்து வீட்டிலேயே முடித்திருக்கக்கூடிய அதே வேலை, பல ஆண்டு வாய்தாவுக்குப் பிறகு நடக்கும்.