மாதச் சாப்பாட்டுக்கு அலுவலகத்தைக் கேட்கும் முதல் மெசேஜ்: மூன்று வகை, எது எடுபடும்?

பக்கத்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு மாதக் கணக்கில் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கிவிடும். மெனு கார்டைப் படமாக அனுப்புவது ஒன்று. விலையைச் சொல்லி எத்தனை பேர் என்று கேட்பது இன்னொன்று. ருசி பார்க்க இரண்டு டப்பா அனுப்பட்டுமா என்று கேட்பது மூன்றாவது. அதே சாப்பாடு, அதே விலை என்றாலும் வருகிற பதில் ஒன்றாக இருப்பதில்லை.

முதல் வகையைச் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

"வணக்கம். தரமான, சுவையான, சுகாதாரமான வீட்டுச் சாப்பாடு காலை, மதியம், இரவு மூன்று வேளையும் வழங்குகிறோம். மாதத் திட்டம், வாரத் திட்டம் உண்டு. மெனுவும் விலையும் படத்தில்."

இதில் பொய் ஒன்றும் இல்லை; ஆனால் பதில் சொல்ல எதுவுமே இல்லை. தெரியாத எண்ணிலிருந்து வரும் படத்தை யாரும் பெரிதாக்கிப் படிப்பதில்லை. அரட்டைப் பட்டியலில் தெரிவது ஓரிரு வரிதான். அந்த இடத்தை 'தரமான, சுவையான' தின்றுவிடுகிறது. இந்த வகையை அனுப்புபவர்கள் பலர் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு ஐம்பது எண்களுக்கு ஒரே தட்டில் தள்ளுகிறார்கள். நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். புது அலுவலகம் எதுவும் நம் எண்ணைச் சேமித்திருக்காது. அனுப்பியவர் பதில் வரவில்லை என்று காத்திருப்பார், அங்கே மெசேஜே போயிருக்காது. மெனு கார்டு வேண்டும்தான், ஆனால் அவர்கள் கேட்ட பிறகு.

இரண்டாவது வகை இப்படி இருக்கும்:

"வணக்கம் சார். உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் சமையல். மதியச் சாப்பாடு 12.45-க்குள் உங்கள் ரிசப்ஷனில் வந்துவிடும். ஒரு சாப்பாடு 90 ரூபாய், மாதம் 22 வேலை நாளுக்கு 1,980. ஆள் வராத நாளை முந்தின இரவு 8 மணிக்குள் சொன்னால் அந்தக் காசு அடுத்த மாதம் கழியும். உங்களிடம் எத்தனை பேருக்குத் தேவைப்படும்?"

இது நல்ல மெசேஜ். அலுவலகம் மனசுக்குள் கேட்கும் மூன்று கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு ஆகும், லீவு போட்டால் காசு போச்சா. விலையை நாள் கணக்கோடு சேர்த்துச் சொன்னதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெறுமனே 'மாதம் 2,340' என்று எழுதினால், ஆறு நாள் வேலை பார்க்கும் அலுவலகம் அதை 26 நாளால் வகுத்து 90 என்று எடுத்துக்கொள்ளும். ஐந்து நாள் அலுவலகம் 22-ஆல் வகுத்து, ஒரு சாப்பாடு 106 ரூபாயா என்று முகம் சுளிக்கும். தொகை ஒன்றுதான், பாதிப் பேருக்கு அது ஏமாற்றாகத் தெரியும். அதனால் ஒரு சாப்பாட்டு விலை முதலில் வரட்டும், மாதத் தொகை அதன் பின்னால் வரட்டும்.

இரவு 8 மணி என்ற கெடுவும் வீம்புக்குச் சொல்வதல்ல. காய் எவ்வளவு வாங்குவது, அரிசி எவ்வளவு போடுவது என்பதெல்லாம் முந்தின இரவே முடிவாகிறது. காலை பத்து மணிக்கு 'இன்றைக்கு மூணு பேர் வரலை' என்று தகவல் வந்தால் அந்த மூன்று சாப்பாடும் ஏற்கனவே அடுப்பில் இருக்கும். கெடுவை முதல் மெசேஜிலேயே சொல்லிவிட்டால் மாதக் கடைசியில் கணக்குச் சண்டை வராது.

ஆனால் இந்த மெசேஜ் கடைசி வரியில் சறுக்குகிறது. 'எத்தனை பேருக்கு?' என்று கேட்டதும், படிக்கிற அட்மின் ஆளுக்கு நாம் ஒரு வேலை கொடுத்துவிடுகிறோம். அவர் ஆபீஸ் குரூப்பில் போட்டுக் கேட்க வேண்டும். நாலு பேர் ருசி எப்படி என்று திருப்பிக் கேட்பார்கள், அவருக்கே தெரியாது. சரி, அப்புறம் பார்ப்போம் என்று வைத்துவிடுவார். நீல டிக் வரும், பதில் வராது. விலை அதிகம் போலிருக்கிறது என்று நாம் விலையைக் குறைப்போம். கோளாறு விலையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது.

மூன்றாவது வகை அந்த ஒரு வரியை மாற்றுகிறது:

"வணக்கம் சார். உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் சமையல். மதியச் சாப்பாடு மாதக் கணக்கில் கொடுக்கிறோம், 12.45-க்குள் வந்துவிடும். ஒரு சாப்பாடு 90 ரூபாய், குறைந்தது ஐந்து பேர். வரும் புதன்கிழமை ருசி பார்க்க இரண்டு டப்பா அனுப்பட்டுமா? அதற்குக் காசு வேண்டாம்."

இதற்கு அட்மின் யாரையும் கேட்காமல் நின்ற இடத்திலேயே 'அனுப்புங்க' என்று சொல்லிவிடலாம். எத்தனை பேர் என்ற கேள்வியை நாம் கேட்கவே வேண்டாம். டப்பாவைத் திறந்தவர்களைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர்களே கேட்பார்கள். ஒன்று அட்மினுக்கு, மற்றது அந்த அலுவலகத்தில் சாப்பாட்டைப் பற்றி அதிகம் குறை சொல்பவருக்குப் போய்ச் சேர்ந்தால் இன்னும் நல்லது. அவர் சரி என்றால் மற்றவர்கள் சரி.

இலவசம் என்றதும் கை நடுங்க வேண்டாம். ஒரு சாப்பாட்டுக்கு நமக்கு அடக்கம் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஓர் அலுவலகத்துக்கு 100 ரூபாய் போகிறது. பத்து இடம் 'அனுப்புங்க' என்றால் 1,000 ரூபாய். அதில் ஒரே ஓர் இடம் ஐந்து பேருக்கு மாதக் கணக்கு எடுத்தாலும் 9,900 ரூபாய் வரும். சாப்பாட்டுக்கு 5,500 அடக்கம் போக 4,400 நிற்கும். ருசி பார்த்த செலவு முதல் மாதமே திரும்பிவிடும். விலையையும் ஐந்து பேர் என்பதையும் மெசேஜில் விடாமல் எழுத வேண்டும். இல்லாவிட்டால் சாப்பிட்டு முடித்தபின் 'நாங்க ரெண்டு பேர்தான்' என்பார்கள். இரண்டு டப்பாவுக்காகத் தினமும் வண்டி எடுத்தால் பெட்ரோல் காசுகூடத் தேறாது. அனுப்பும் டப்பாவில் தினசரி அளவும் தினசரிக் கூட்டும்தான் இருக்க வேண்டும். புதன்கிழமை விருந்து வைத்துவிட்டு ஒன்றாம் தேதி சாதாரணமாகக் கொடுத்தால், முதல் வாரத்திலேயே 'அன்னைக்கு மாதிரி இல்லையே' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அப்படியானால் இரண்டாவது வகையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். ஏழெட்டுப் பேர் இருக்கும் சின்ன அலுவலகம், மெசேஜ் படிப்பவரே முதலாளி என்றால் இரண்டாவதே போதும். தலையை எண்ணி அவரே சொல்லிவிடுவார். ஏற்கனவே வேறொருவரிடம் வாங்கி, லேட்டாக வருகிறது என்று அலுத்துப்போன இடத்துக்கும் அதுவே சரி. அவர்களுக்கு ருசி தெரிந்ததுதான், 12.45 என்ற வார்த்தைதான் தேவை. முப்பது நாற்பது பேர், தனியாக அட்மின் என்று இருக்கும் இடத்துக்கு நான் யோசிக்காமல் மூன்றாவதை அனுப்புவேன்.

பெரிய இடங்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் பதிவு எண்ணைக் கேட்கும். அந்த 14 இலக்கத்தை மெசேஜில் திணிக்காமல் வாட்ஸ்அப் பிசினஸ் புரொஃபைலில் முகவரியோடு போட்டு வைத்தால் போதும். சந்தேகம் வந்தவர் பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாக, 'இரண்டு தெரு தள்ளி' என்ற இடத்தை மாற்றி, ஒரு நாளைக்கு நாலைந்து என்று அனுப்புவது நல்லது. ஒரே நாளில் அள்ளி வீசினால் யாராவது ரிப்போர்ட் அடிப்பார்கள், எண்ணே முடங்கக்கூடும். மாதத்தின் மூன்றாவது வாரத்தில் தொடங்கினால் ருசி பார்த்து, பேசி முடித்து, ஒன்றாம் தேதி ஆரம்பிக்க நேரம் இருக்கும். பதில் வராத இடத்துக்கு நாலைந்து நாள் கழித்து ஒரே ஒரு தடவை, 'நாளைக்கு உங்கள் தெருவில் சாப்பாடு கொடுக்க வருகிறோம், இரண்டு டப்பா சேர்த்து எடுத்து வரட்டுமா?' என்று கேட்கலாம். அதற்கும் சத்தம் இல்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விட வேண்டியதுதான்.