ஓராண்டு ரத்த அழுத்த அளவீடுகளும் திட்டப்பிழையும்

ஈசூனில் உள்ள எங்கள் வீட்டில், மேற்கையில் பட்டை சுற்றி அளக்கும் ரத்த அழுத்தக் கருவி ஒன்றை அம்மாவுக்காக ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறோம். பட்டை தளரவில்லை, மின்கலமும் நெடுநாள் வருகிறது. குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் எனக்கு அதிகம் பயன்பட்டது, தேதியோடு அளவீடுகளைச் சேர்த்து வைக்கும் அதன் நினைவகம்தான்.

சேர்ந்த மேல் அளவுகளின் சராசரி 132; அவை சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 12. வரைபடமாகப் போட்டால் அது சீரான மணி வடிவில் இல்லை. ஈரச்சந்தையிலிருந்து வேகமாக நடந்து வந்த கையோடு அளந்த நாள்களில் 160ஐத் தாண்டியதால், வலப்பக்கம் வால் நீண்டிருந்தது. அந்த எண்களிலிருந்து குருட்டாம்போக்கில் நான்கை எடுத்துச் சராசரி காண்பதை ஆயிரம் முறை செய்யும்படி கணினியில் அமைத்தேன். கிடைத்த சராசரிகளின் பரவல் 6 அளவுக்குச் சுருங்கியது. பதினாறு பதினாறாக எடுத்தபோது 3 ஆயிற்று, வாலும் பெரும்பாலும் மறைந்து மணி வடிவம் வந்தது. மைய எல்லைத் தேற்றம் சொல்வது இதைத்தான். சராசரிகளின் இந்தப் பரவலே திட்டப்பிழை. திட்ட விலக்கத்தை, எடுத்த அளவீடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும்:

```
12 / √16 = 3
```

மணி வடிவம் பெறுவது சராசரிகள்தாம், தனி அளவீடுகள் அல்ல. ஆகவே திட்டப்பிழை 3 என்பதால் நாளைக் காலை 150 வராது என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

இதை ஒரு வார அளவீட்டுக்குப் பொருத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என ஏழு நாளில் 28 அளவீடுகள் சேரும். 12ஐ √28ஆல் வகுத்தால் 2.3 வரும். ஆனால் ஒரு நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகளும் ஒன்றையொன்று ஒத்தே இருக்கும், சரியாகத் தூங்காத நாளில் நான்குமே ஏறியிருக்கும். வகுத்தல் விதி எதிர்பார்க்கும் சார்பின்மை இங்கே இல்லை. அதைக் கண்டறிய, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சராசரி எடுத்தேன். நான்கும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்திருந்தால் நாள் சராசரிகளின் திட்ட விலக்கம் 6ஐ ஒட்டியிருக்க வேண்டும்; வந்ததோ 9. எனவே உண்மைக்கு நெருங்கிய திட்டப்பிழை 9 / √7, அதாவது 3.4. வீட்டு அளவீட்டில் மிகை அழுத்தத்துக்கு வழக்கமாகக் கொள்ளும் வரம்பு 135 என்பதால், ஒரு வாரச் சராசரி 132 ஆக இருந்தாலும் அது வரம்புக்குக் கீழேதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே அமர்வில் ஐந்தாறு முறை அளப்பதைவிட இன்னும் சில நாள்கள் அளப்பதே இங்கே பலன் தரும்.

பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் ஒவ்வோர் அளவீடும் கூடுதலாகவே காட்டும். எத்தனை நாள் அளந்தாலும் திட்டப்பிழை குறையுமே தவிர அந்தக் கூடுதல் குறையாது. அதனால் கையின் சுற்றளவைப் பட்டையில் அச்சிட்டுள்ள அளவோடு ஒப்பிட்டுக்கொண்டதுடன், பலதுறை மருந்தகத்துக்குக் கருவியை எடுத்துச் சென்று, தாதியின் கருவியோடு மாற்றி மாற்றி அளந்தும் பார்த்துக்கொண்டோம்.