கருப்பு நிலாவா, வெர்டெக்ஸா? ஜோடி ஜாதகத்தில் பித்தான ஈர்ப்பை எதில் பார்ப்பது

இரண்டு பேரின் மேற்கத்திய ஜாதகத்தை அருகருகே வைத்து “இது விதிப்படி நேர்ந்த உறவா, விட முடியாத பித்தா?” என்று பார்ப்பவர்கள் தேடுவது பெரும்பாலும் இரண்டு புள்ளிகளை. ஒன்று கருப்பு நிலா எனப்படும் லிலித். இன்னொன்று வெர்டெக்ஸ். இரண்டுமே கிரகம் அல்ல, கணக்கில் வரும் வெற்றுப் புள்ளிகள். நம் பத்துப் பொருத்தத்திலும் இவற்றுக்கு இடம் கிடையாது. நான் கருப்பு நிலா பக்கம். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்களின் ஜாதகம் என்றால் இன்னும் உறுதியாக அந்தப் பக்கம். காரணம் ஒன்றுதான்: பிறந்த ஊரின் அட்சரேகை.

பொருள் வேறுபாட்டை முதலில் சொல்லிவிடலாம். வெர்டெக்ஸ் என்பது சந்திப்பைக் குறிப்பது. ஒருவருடைய வெர்டெக்ஸ் மேல் மற்றவருடைய சூரியனோ சுக்கிரனோ லக்னமோ விழுந்தால், “இவரைச் சந்திக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா” என்ற உணர்வு வரும் என்பது வாசிப்பு. அந்த உணர்வு நீடிக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. கருப்பு நிலா காட்டுவது வேறு. அது அடக்கி வைத்த ஆசை, கோபம், வெட்கம். மற்றவரின் சுக்கிரன் அதன் மேல் உட்கார்ந்தால், சுக்கிரன்காரர் கண்ணை எடுக்க முடியாமல் நிற்பார். கருப்பு நிலாக்காரருக்கோ, தான் ரசிக்கப்படுகிறோம் என்பதோடு தன் அந்தரங்கம் அம்பலமாகிறது என்ற கூச்சமும் சேர்ந்து வரும். செவ்வாய் உட்கார்ந்தால் துரத்தலும் சண்டையும், பிரிந்து பிரிந்து சேர்வதும். சந்திரன் என்றால் சந்தேகம், குற்ற உணர்ச்சி, யார் யாரைச் சார்ந்திருப்பது என்ற இழுபறி. ஆக, ‘பித்து’ என்ற கேள்விக்கு நேராகப் பேசுவது கருப்பு நிலாதான். சனியோடு சேரும்போது என்ன செய்யும் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. இறுகிப்போன உறவும் பார்க்கக் கிடைக்கிறது, சீக்கிரம் முறிந்ததும் கிடைக்கிறது.

இனி கணக்கு. கருப்பு நிலா என்பது நிலவின் நீள்வட்டப் பாதையில் பூமிக்கு மிகத் தொலைவான முனை இருக்கும் திசை. அது ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்ற 8 வருடமும் ஏறத்தாழ 10 மாதமும் ஆகும். ஒரு நாளைக்கு 6 கலை 41 விகலை நகர்கிறது, அதாவது 60 கலை கொண்ட ஒரு பாகையைக் கடக்க ஒன்பது நாள். பிறந்த நேரத்தில் ஆறு மணி நேரம் பிசகினாலும் இரண்டு கலைக்குள்தான் மாறும். நேரமே தெரியாவிட்டாலும் நண்பகல் போட்டுப் பார்க்கலாம், நான்கு கலைகூடத் தப்பாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘சராசரி’ லிலித், ‘உண்மை’ லிலித் என்று இரண்டு கணக்கு இருக்கிறது. பெயரைப் பார்த்து ‘உண்மை’யை எடுப்பவர்கள் பலர். அந்தக் கணம் நிலவு போகும் வேகத்தையும் திசையையும் வைத்து ஒரு தற்காலிக நீள்வட்டம் வரைந்து, அதன் முனையைத்தான் அது தருகிறது. சூரியனின் இழுப்பால் அந்த நீள்வட்டம் ஆடிக்கொண்டே இருப்பதால், சராசரியிலிருந்து 30 பாகை வரைகூட விலகும். நிலவு நிஜமாகவே தொலைவு முனையை எட்டும் இடங்களைக் குறித்துப் பார்த்தால், அவை சராசரிக்கு ஏறக்குறைய 5 பாகைக்குள்தான் நிற்கின்றன. ஆக, பெயருக்கு மாறாக, வானத்தில் நடப்பதற்கு நெருக்கமானது சராசரிதான். ஒரே ஜோடியை இரண்டு ஜோதிட இணையதளங்களில் போட்டு இரண்டு விடை வந்தால், முதலில் இதைச் சரிபாருங்கள். 1181 என்ற எண்ணுள்ள குறுங்கோளுக்கும் லிலித் என்றுதான் பெயர். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வெர்டெக்ஸ் கதையே வேறு. நேர் கிழக்கு, தலைக்கு மேல், நேர் மேற்கு மூன்றையும் தொட்டுப் போகும் பெருவட்டம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அது சூரியப் பாதையை மேற்குப் பக்கம் வெட்டும் இடம்தான் வெர்டெக்ஸ். எதிர்ப்புள்ளி ஆன்டிவெர்டெக்ஸ். லண்டன் போன்ற உயர்ந்த அட்சரேகையில் இது ஒரு நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றி வருகிறது. எனவே அங்கே சிக்கல் பிறந்த நேரம்.

இதற்கு சார்லஸ், டயானா ஜோடியைப் பார்ப்பது நல்லது. சார்லஸ் 1948 நவம்பர் 14 அன்று இரவு 9:14-க்கு லண்டனில் பிறந்தவர். லக்னம், மேற்கத்திய ஜாதகத்தின் சாயன முறையில், சிம்மம் 5 பாகை. டயானா 1961 ஜூலை 1 அன்று சாண்ட்ரிங்ஹாமில் பிறந்தவர். பொதுவாக ஏற்கப்பட்ட நேரம் மாலை 7:45. அந்த நேரத்துக்கு அவருடைய வெர்டெக்ஸ் சிம்மம் 4 பாகையில் வருகிறது, சார்லஸின் லக்னத்தோடு ஏறத்தாழ ஒரு பாகை இடைவெளி. 1981 ஜூலை 29 திருமணத்தன்று சூரியனும் சிம்மம் 6 பாகையில். பார்த்ததும் மெய்சிலிர்க்கும். ஆனால் டயானாவின் பிறந்த நேரம் பிற்பகல் 2 மணி என்றும் ஒரு காலத்தில் பேசப்பட்டது. அதைப் போட்டால் வெர்டெக்ஸ் ரிஷபம் 8 பாகைக்கு ஓடிவிடுகிறது. லக்னத் தொடர்பு காணாமல் போய்விடுகிறது. 7:45 என்பது பிரிட்டனின் கோடைகால நேரம். அந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்க மறந்தால் சிம்மம் 16-க்குத் தாவும். அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாகை.

அதே ஜோடியில் டயானாவின் சராசரி லிலித், 2 மணிக்குப் போட்டாலும் 7:45-க்குப் போட்டாலும், சிம்மம் 16-க்கும் 17-க்கும் நடுவில்தான். வித்தியாசம் இரண்டு கலைக்கும் குறைவு. அது சார்லஸின் புளூட்டோவோடு அரை பாகைக்குள் சேர்கிறது. இதைப் பெரிதாகக் கொண்டாடக் கூடாது. புளூட்டோ ஊர்ந்து போகும் கிரகம். அந்தச் சமயத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் அது அதே பாகையை ஒட்டித்தான் இருக்கும். சூரியன், சந்திரன், சுக்கிரன், செவ்வாய், லக்னம் என்ற ஐந்தோடு மட்டும் பார்த்தால் இந்த ஜோடியில் கருப்பு நிலாவின் நெருங்கிய சேர்க்கை எதுவும் இல்லை. இல்லை என்பதும் ஒரு விடைதான். அந்த விடை கடிகாரத்தை நம்பி நிற்கவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க, மேலே சொன்ன கிழக்கு-மேற்குப் பெருவட்டம் வான நடுக்கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. வான நடுக்கோடு சூரியப் பாதையை வெட்டுவது இரண்டே இடத்தில்: சாயன மேஷம் 0, துலாம் 0. ஆகவே தாழ்ந்த அட்சரேகையில் வெர்டெக்ஸ் இந்த இரண்டைச் சுற்றியே கட்டுண்டு கிடக்கும். எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம் போதும்:

```
sin(விலகல்) = sin(அட்சரேகை) / sin(23.44°)
```

சென்னைக்கு (13.08) விலகல் 35 பாகை. யாழ்ப்பாணத்துக்கு 25. கொழும்புக்கு 18. சிங்கப்பூருக்கு வெறும் 3½ பாகை! சிங்கப்பூரில் எந்த வருடம், எந்த நேரத்தில் பிறந்தாலும் வெர்டெக்ஸ் மேஷம் 0-க்கோ துலாம் 0-க்கோ 3½ பாகைக்குள்தான் இருக்கும். அங்கே பிறந்த எந்த இருவரின் வெர்டெக்ஸும் 7 பாகைக்குள் சேர்ந்தோ நேரெதிராகவோதான் நிற்கும். அதைப் பார்த்து “விதி சேர்த்து வைத்தது” என்றால், சேர்த்து வைத்தது புவியியல். அதேபோல மார்ச் 20-ஐ ஒட்டியோ செப்டம்பர் 23-ஐ ஒட்டியோ பிறந்த ஒருவரின் சூரியன், சிங்கப்பூரில் பிறந்த அனைவரின் வெர்டெக்ஸ் அச்சையும் தொடும்.

சென்னையில் இது கொஞ்சம் தளர்வு, அவ்வளவுதான். அங்கே வெர்டெக்ஸ் சிம்மம் 25 முதல் விருச்சிகம் 5 வரை, இல்லையென்றால் கும்பம் 25 முதல் ரிஷபம் 5 வரை. சாயன மிதுனத்திலோ கடகத்திலோ தனுசிலோ மகரத்திலோ சுக்கிரன் இருப்பவர், சென்னையில் பிறந்த எவருடைய வெர்டெக்ஸிலும் வாழ்நாளுக்கும் சேர முடியாது. அவருக்கு விதி கதவடைத்தது என்று வாசிப்பது அநியாயம். (அயனாம்சம் கழித்து நிராயனத்தில் பார்த்தால் இந்த எல்லைகள் எல்லாம் ஏறத்தாழ 24 பாகை பின்னால் போகும். இருவருக்கும் ஒரே அயனாம்சம் வைத்தால் இடைவெளிகள் மாறாது.)

இன்னொரு பொறி. சூத்திரத்தை அப்படியே போட்டால், தாழ்ந்த அட்சரேகையில் வெர்டெக்ஸ் சில மணி நேரம் கிழக்குப் பக்கம் வந்துவிடும். பல ஜாதக மென்பொருள்களுக்கு அடிப்படையான ஸ்விஸ் எபிமெரிஸ் கணக்கு நிரல் அதை எப்போதும் மேற்கிலேயே வைக்க 180 பாகை திருப்பிப் போடுகிறது. சென்னை ஜாதகத்தில் உச்சிப் புள்ளியான எம்.சி. சாயன ரிஷபம் 5-லிருந்து சிம்மம் 25 வரை இருக்கும்போது இந்தத் திருப்பம் நடக்கும். அந்த எல்லையை ஒட்டிப் பிறந்தவருக்கு இரண்டு மூன்று நிமிட வித்தியாசத்தில் வெர்டெக்ஸ் துலாப் பக்கமிருந்து மேஷப் பக்கம் குதித்துவிடும். எம்.சி. அந்த இரண்டு பாகைகளுக்கு அருகில் இருந்தால் வெர்டெக்ஸையும் எதிர்ப்புள்ளியையும் பிரித்து வாசிக்காதீர்கள்.

கருப்பு நிலாவை எடுத்தாலும் இடைவெளியில் கை தாராளம் கூடாது. மேலே சொன்ன ஐந்தோடு, 2 பாகை இடைவெளி வைத்து, சேர்க்கை மட்டும் இரு திசையிலும் பார்த்தால், தெருவில் போகும் யாரோ இருவருக்கும் ஒன்பதில் ஒரு வாய்ப்பில் தொடர்பு கிடைத்துவிடும். 5 பாகையாக்கி எதிர்நிலையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கிடைக்கும். அப்புறம் அதற்கு என்ன மதிப்பு? அதனால் 2 பாகை, சேர்க்கையும் எதிர்நிலையும் மட்டும், இரு திசையிலும் பார்ப்பது. அவருடைய லிலித் இவருடைய செவ்வாயிலும், இவருடைய லிலித் அவருடைய சந்திரனிலோ சுக்கிரனிலோ என்று இரட்டையாக வந்தால்தான் ‘பித்து’ என்ற சொல்லை எடுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒருதலை மயக்கம் என்று குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

வெர்டெக்ஸை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. இருவரும் 35 பாகை அட்சரேகைக்கு மேல் பிறந்து, நேரம் மருத்துவமனைப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், லக்னத்தோடும் சூரியனோடும் ஒரு பாகைக்குள் வரும் தொடர்பை ‘எப்படிச் சந்தித்தார்கள்’ என்ற கேள்விக்கு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் டொரான்டோ, ஒருவர் திருச்சி என்றால் டொரான்டோக்காரரின் வெர்டெக்ஸை மட்டும் எடுத்து, அதில் திருச்சிக்காரரின் கிரகங்கள் விழுகின்றனவா என்று பாருங்கள். மறுதிசை வேண்டாம்.