சிமெண்டைக் கொத்தி எடுத்த வளவுச் சுவர்: நான்கு மழைக்காலத்துக்குப் பிறகு

பள்ளத்தூரில் பங்கு வீடு வாங்கப்போகும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, சுவர் அடியில பொரிஞ்சு கெடக்கு. சிமெண்டு பூசிடலாமா?"

எங்கள் செட்டிநாட்டு வீட்டில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவின் சுவர் அடியில் இரண்டு அடி உயரத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. கொத்தனார் சிமெண்டு பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தார். ஒரு வருஷம் பார்க்க அழகுதான். அப்புறம் ஈரம் நான்கு அடிக்கு ஏறி, நன்றாக இருந்த பழைய பூச்சிலும் உப்பு பூத்தது. தரையிலிருந்து செங்கலில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும், ஈரம் வேறு வழியில்லாமல் மேலே ஏறும். பக்கத்து நிலைக்காலின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். அரை விரல் ஆழம் உள்ளே போனது. பர்மா தேக்குக்கே அந்தக் கதி.

சரிசெய்ய ஆசாரி நிலையையே மாற்றவில்லை. கெட்டுப்போன எட்டு அங்குலத்தை மட்டும் சாய்வாக அறுத்து, பழைய தேக்குத் துண்டைச் சேர்த்துப் பூட்டினார். இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்.

சுவரில் சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். பழைய பூச்சை விரல் கணுவால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலித்த இடத்தை மட்டும் கொத்தினோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே விட்டோம். நீற்றிய சுண்ணாம்பை மூன்று வாரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்தோம். மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றும் சட்டென்று காயாமல் ஈரச் சாக்கு மூடினோம். கடைசிப் பூச்சு முட்டை வெள்ளைக்கரு சேர்த்தது, வழவழ கல்லால் தேய்த்தது.

நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது. கார்த்திகையில் அடிச் சுவரில் கொஞ்சம் உப்பு பூக்கும், துடைத்தால் போய்விடும். குறை சொல்ல முடியாது.

ஆனால் எரிச்சல் வேறு. மேலே பழைய சுவரில் முகம் தெரியும், கீழே புதியது மங்கலாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டாற்போல ஓர் ஒட்டு, விருந்துக்கு வருகிறவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும். "ஏன் இப்படிப் பண்ணிட்டீக?" என்று ஆச்சி தீபாவளிக்குத் தீபாவளி கேட்பார். கொத்தனாரிடம் கேட்டால், தேய்ச்சது பத்தலை என்கிறார். கூலி வாங்கும்போது இதைச் சொல்லவில்லை!

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஐந்துதான். நண்பரே, சிமெண்டு மட்டும் வேண்டாம். விலை பேசுமுன் நிலைக்கால்களின் அடியைக் குத்திப் பாருங்கள், ஸ்க்ரூடிரைவர் என் பையிலேயே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.