அல்-கசீம் வெயிலுக்கு எது: ரீசேர்ட்டா, ஜுப்பாவா, கைத்தறிச் சட்டையா?

கல்முனையிலிருந்து சவூதியின் அல்-கசீம் பக்கம் பேரீச்சந் தோட்ட வேலைக்குப் போகிற மச்சானுக்குப் பெட்டி கட்டும்போது வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "கையில்லாத பனியனும் ரீசேர்ட்டும் நிறைய வை, அங்க சரியான வெக்கை" என்பதுதான். நம் ஊர் அனுபவத்தில் அது சரியான ஆலோசனை. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கடலோர ஈரம் வியர்வையைக் காயவிடாது. உடம்பில் துணி குறையக் குறையத்தான் நமக்குச் சுகம். அல்-கசீம் கடலை விட்டு வெகு தூரம் உள்ளே இருக்கிற வறண்ட மேட்டு நிலம். கோடை நடுப்பகலில் வெப்பம் 40 பாகையைத் தாண்டி 45 வரைக்கும் போகும், காற்றில் ஈரமே இருக்காது. அந்த இடத்தில் கணக்கு தலைகீழாகிவிடும்.

தோலின் சூடு ஏறக்குறைய 35 பாகை. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை, தோலில் படுகிற காற்று உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 45 பாகைக் காற்று சூட்டை எடுக்காது, கொண்டுவந்து போடும். மேலே இருந்து வெயிலும் நேரே தோலில் இறங்கும். அங்கே குளிர்ச்சிக்கு ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஆகவே அந்த வெயிலுக்கு ஒரு உடுப்பு இரண்டு வேலை செய்ய வேண்டும்: வெயிலையும் அனல் காற்றையும் தோலில் நேரே படாமல் தடுக்க வேண்டும், உள்ளே ஊறுகிற வியர்வையின் ஆவி வெளியே போக வழியும் விட வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் ரீசேர்ட் முதலிலேயே தோற்றுவிடுகிறது. முழங்கைக்குக் கீழும் கழுத்தும் வெயிலுக்குத் திறந்தே கிடக்கும். மூடியிருக்கிற இடத்திலும் காப்பு குறைவு. மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேர்ட்டின் புற ஊதாக் காப்பு எண் 5 முதல் 7 வரைதான். அதாவது கதிரில் ஐந்திலிருந்து ஏழில் ஒரு பங்கு தோலுக்குப் போய்விடும், நனைந்தால் இன்னும் கூடுதலாகப் போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அது முதுகோடு ஒட்டிக்கொள்வது. ஒட்டிய துணியில் வெயில் ஏற்றிய சூடு அப்படியே தோலுக்கு இறங்கும். ஏசி அறைக்குள் போட்டுக்கொள்ள இரண்டு மூன்று இருந்தால் போதும்.

அடுத்தது ஜுப்பா. காத்தான்குடிக் கடைகளில் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தொங்கும். வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் மிகவும் குழம்புகிறார்கள். பாலைவனத்துப் பெதுவின் மக்கள் கறுப்பு அங்கி போடுகிறார்களே, அது எப்படித் தாங்கும் என்று 1980இல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. கறுப்பு அங்கி வெயிலைக் கூடுதலாக உறிஞ்சியது உண்மைதான். ஆனால் அந்தக் கூடுதல் சூடு தோலை அடையும் முன்னமே போய்விட்டது. கறுப்புப் போட்டாலும் வெள்ளை போட்டாலும் உடம்புக்கு ஏறிய சூடு ஒன்றாகவே இருந்தது. துணிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் காரணம் இருக்கிறது. அங்கிக்குள் காற்று நடமாடும், நடக்கும்போது துணி வீசி உள்ளே இருக்கிற காற்றை மாற்றும், சூடு பக்கத்திலும் கழுத்து வழியாகவும் கழியும்.

இதிலிருந்து கறுப்பு எல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கறுப்புத் துணி இறுக்கமாக இருந்தால் தப்பிக்க வழியே இல்லை. வீட்டு வேலைக்குப் போகிற நம் பெண்பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். கறுப்பு அபாயாவால் கெடுதி இல்லை. அதற்குள்ளே போடுகிற இறுக்கமான நைலோன் கலந்த உடுப்பால்தான் தலைசுற்று வருகிறது. உள்ளே தளர்வான பருத்தி போட்டு, அபாயாவையும் ஒரு அளவு பெரிதாக எடுத்தால் வித்தியாசம் தெரியும்.

கடை ஜுப்பாவில் எனக்கு இருக்கிற குறை நூலில்தான். பெரும்பாலானவை பொலியெஸ்டர் அல்லது கலப்பு. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பொலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. வெறும் பொலியெஸ்டருக்குள் வியர்வை பரவாமல் வழிந்து ஓடும். வழிந்து ஓடிய வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, தண்ணீர்தான் நட்டம். பருத்தி அதை உறிஞ்சி அகலமாகப் பரப்பும், வறண்ட காற்று உடனே காயவைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த பருத்தி சுமையாகத் தொங்கும் என்பதால் பலர் அதை வெறுக்கிறார்கள், அல்-கசீமில் அந்தக் குறை இல்லை. நூலைச் சோதிக்க, தையல் மடிப்பிலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடுதாசி மாதிரி எரிந்து மென்சாம்பல் ஆகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும்.

மூன்றாவது, நான் கடைசியில் தைக்கக் கொடுத்தது: மருதமுனைக் கைத்தறிப் பருத்தியில் முழங்கால் வரைக்கும் ஒரு சட்டை. கைத்தறி என்றால் எல்லாமே சரிவரும் என்றில்லை. துணியைச் சூரியனுக்கு நேரே விரித்துப் பிடித்தேன். ஊசிக்கண் மாதிரி ஒளி பொட்டுப் பொட்டாகத் தெரிந்த துணியை விட்டுவிட்டு, நெருக்கமாக நெய்த நீலத்தை எடுத்தேன். சாயம் ஏறிய துணி அதே நெசவு வெள்ளையைவிடப் புற ஊதாவைக் கூடுதலாகத் தடுக்கும். மச்சானின் மார்பு 38 அங்குலம். தையற்காரர் வழமைப்படி 42 என்று எழுதினார், நான் 50 போடச் சொன்னேன். கை மணிக்கட்டு வரைக்கும், முனை இறுக்கமில்லாமல். இரண்டு பக்கமும் இடுப்புவரை வெட்டு. கழுத்துக்குக் கொலர், அதற்குக் கீழே மூன்று பொத்தான். அப்புறம் அதே மாதிரித் தளர்ந்த பருத்திக் காற்சட்டை. அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் மரம் ஏறக் கை தூக்கும்போது சட்டை முழுதாக இழுபடாது.

ஜுப்பாவைவிட இதை நான் மேலாக வைப்பதற்கு வேலையும் ஒரு காரணம். கணுக்கால் வரை விழுகிற அங்கியோடு ஏணி ஏற முடியாது. சுழலுகிற தண்ணீர்ப் பம்புக்குப் பக்கத்தில் எந்தத் தொங்கல் துணியும் ஆபத்து, அங்கே இந்தச் சட்டையைக்கூடச் செருகிக்கொள்ளத்தான் வேண்டும். கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தெரிவே கிடைக்காது. ஓவரோலும் அதன் மேல் ஒளிரும் மேலாடையும் இடைவெளியை அமுக்கிவிடும். அவர்கள் ஓவரோலை ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கி, உள்ளே மெல்லிய பருத்தி மட்டும் போடலாம். அதற்கு மேல் உடுப்பால் ஆகாது. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறத் தயங்கக் கூடாது.

தலைக்குத் தொப்பியைவிடப் பெரிய பருத்திச் சால்வையே நல்லது. கழுத்தையும் காதையும் மூடும், மணற்காற்றில் மூக்கையும் மூடலாம். வறண்ட காற்றில் அதை நனைத்துப் போட்டால் நல்ல குளிர்ச்சி கிடைக்கும்.

மச்சானுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. அங்கே சட்டை காய்ந்தே இருக்கும், வியர்க்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். முதுகுப் பக்கம் வெள்ளையாக உப்புக் கோடு விழுந்திருந்தாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, உடம்பு நிறையத் தண்ணீரை இழந்திருக்கிறது என்று அர்த்தம்.

போகுமுன் போட்டுப் பார்க்க விரும்பினால் கச்சான் காற்று அடிக்கிற ஒரு நடுப்பகலைத் தேருங்கள். மலைநாட்டைத் தாண்டி மேற்கிலிருந்து காய்ந்து வருகிற அந்தக் காற்றுத்தான் நம் பக்கத்தில் கிடைப்பதில் அல்-கசீம் வெக்கைக்குக் கிட்டியது. தம்மாம், ஜித்தா, தோஹா மாதிரிக் கரையோர நகரங்களுக்குப் போகிறவர்கள் இந்தப் பட்டியலை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கேயும் கோடையில் கடல் ஈரம் ஏறிப் புழுக்கம் வரும். வெயிலில் நிற்க முழுக்கை வேண்டும்தான், ஆனால் துணியை இன்னும் மெல்லியதாக எடுங்கள், மாற்றுச் சட்டையும் கூடவே கொண்டுபோங்கள்.