வீட்டுக்கு வந்து பூக்கண்டு பார்க்கிறவருக்குக் காசு கொடுக்கமுன்

திருகோணமலையில் வீட்டுக்கே வந்து பூக்கண்டு பார்த்துத் தருகிறோம் என்று சொல்லுகிற ஒருவரிடம் 4,500 ரூபாயைக் கொடுத்து இரண்டு நாள் கண் எரிச்சலை வாங்கிக்கொண்டேன். பெயர் எழுதவில்லை. ஆனால் வீட்டுக்குள் டீஃபன்பேக்கியாக் கண்டு வைத்திருக்கிறவர்கள் இதை வாசியுங்கோ.

உவர்மலையில் எங்கட வீட்டு முன்னறையில் மூன்று வருடமாக நின்ற கண்டு. ஆடி மாதம் இலையெல்லாம் வெளிறி, ஈரத் துணி மாதிரித் தொங்கத் தொடங்கியது. கீழ் இலைகள் ஒவ்வொன்றாக விழுந்து, முழங்கால் உயரத்துக்கு வெறும் தண்டு. உச்சியில் மட்டும் நாலு இலை.

வந்தவர் வாசலில் நின்றபடியே பார்த்தார். மண்ணைத் தொடவில்லை. "அக்கா, இது சத்துக் குறைவு. இந்தத் தூளைப் போட்டு நாளும் தண்ணி ஊத்துங்கோ, ஒரு மாதத்தில கீழ இலையெல்லாம் திரும்ப வரும்" என்றார். எங்கட சமையலறைக் கத்தரிக்கோலால் மஞ்சள் இலை இரண்டை வெட்டி நிலத்தில் போட்டார். "சாறு படுமே தம்பி?" என்று கேட்டேன். "அது ஒண்டும் செய்யாது" என்றார். காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெட்டின இலைகளை நான்தான் கையால் அள்ளினேன். வேர்வை வழிந்தது, புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். மிளகாய்த்தூள் போட்ட மாதிரி. கரணைக் கிழங்கு அரியும்போது கை கடிக்குமே, அதே சேம்புக் குடும்பந்தான் இதுவும். சாற்றில் கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கின்றன, பட்ட இடத்தில் குத்தி ஏறும். வாயில் போனால் நாக்கு வீங்கிப் பேச்சே வராமல் போகலாம், ஆங்கிலத்தில் இதற்கு 'ஊமைத் தண்டு' என்று பெயர் வந்ததே அதனால்தான். குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கண்ணைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னப் பிள்ளை கடித்திருந்தால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டப்பட்டால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

அவர் சொன்னபடி பத்து நாள் தண்ணீர் ஊற்றினேன். கண்டு இன்னும் சாய்ந்தது. பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது: மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் அது தாகம் இல்லை, வேரில்தான் பிழை. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி மண்ணில் அடிவரை குத்தி எடுத்துப் பார்த்தேன். சேறு ஒட்டி, சாக்கடை மணத்தோடு வந்தது. கையுறை போட்டுக்கொண்டு சாடியைக் கவிழ்த்தேன். வேர் எல்லாம் பழுப்பு. பிடித்து இழுத்தால் தோல் கழன்று உள்ளே நூல் மாதிரி மிஞ்சுகிறது. தண்டின் அடியும் அமத்தினால் அமுங்கியது. சாடியின் ஓட்டையை வேறு தும்புத்தூள் அடைத்துக் கிடந்தது.

அடுத்தது காற்று. ஊதுபத்தியைக் கொளுத்திக் கண்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பகலில் ஜன்னல் இடுக்கால் வருகிற கச்சான் காற்றில் புகை இலைப் பக்கம் படுத்தது. இரவில் ஏசி போட்டால் மேலிருந்து நேரே இலையில் இறங்கியது. பகலில் வறட்டுச் சூடு, இரவில் குளிர். இலை இழக்கிற தண்ணீரை அழுகின வேர் எங்கிருந்து கொடுக்கும்? அதோடு அந்த மூலையில் வெளிச்சமும் போதாது, வெளிறினதில் அதற்கும் பங்கு உண்டு.

கீழ் இலை திரும்ப வரும் என்றது சுத்தப் பொய். விழுந்த இலை விட்ட வளையத் தழும்பில் அந்த இலை மறுபடி முளைக்காது. உச்சியை வெட்டினால்தான் கணுவில் இருக்கிற மொட்டு விழித்துப் புதுத் தளிர் வரும். நான் உச்சியை ஒரு சாண் தண்டோடு வெட்டினேன். வெட்டுவாயில் பழுப்பு இல்லாத இடம் வரும்வரை கீழிருந்து கழித்தேன். மிஞ்சின நல்ல தண்டை இரண்டு மூன்று கணு வருகிற மாதிரித் துண்டாக்கினேன். எல்லாவற்றையும் ஒரு நாள் நிழலில் காயவிட்டு, மணலும் தும்புத்தூளும் கலந்து உச்சியை நட்டேன், துண்டுகளைப் படுக்க வைத்துப் பாதி புதைத்தேன். கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்தேன்.

இப்ப சாடி கிழக்கு ஜன்னலிலிருந்து நாலடி தள்ளி, பிள்ளைகளுக்கு எட்டாத மேசையில். விரலின் முதல் கணு ஆழத்துக்கு மண் காய்ந்தால்தான் தண்ணீர். ஐந்தாம் கிழமை உச்சியை மெல்ல இழுத்துப் பார்த்தேன், வேர் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. படுக்க வைத்த மூன்றில் ஒன்று அழுகிப் போச்சு, மற்ற இரண்டிலும் பச்சை முனை.

போன கிழமை அந்தத் தம்பி "இரண்டாம் முறை தூள் போட வரட்டோ அக்கா?" என்று போன் எடுத்தார். காசைத் திருப்பித் தாங்கோ என்றேன். பாதி விலைக்கு வேறு கண்டு தரலாமாம்.