ஒரே கோரிக்கைக்கு இரண்டு தீர்ப்பு: வரிசை முறையா, சிறப்பு விதி முறையா, தடை வெல்லும் முறையா?

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஒரு பங்காளி வீட்டின் பழைய பேரேடுகள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள், ஐந்தொகைத் தாள்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியபோது, யார் எதைத் திறக்கலாம் என்று முடிவு செய்யும் சிறிய நிரல் ஒன்றையும் எழுத வேண்டியிருந்தது. அனுமதிக்கும் விதியும் தடுக்கும் விதியும் ஒரே கோரிக்கைக்குப் பொருந்திவிட்டால் எதை ஏற்பது என்பதற்கு மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்து, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற இரண்டுக்கும் உரிய இடங்கள் உண்டு என்றாலும், என் சாய்வு அந்த மூன்றாவதன் பக்கமே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முரண் எப்படி எழுகிறது என்பதற்கு இரண்டு விதிகள் போதும். முதல் விதி: பங்காளிகள் அனைவரும் பேரேடுகளைப் பார்க்கலாம். இரண்டாவது விதி: வீடு தொடர்பான வழக்கில் கட்சிக்காரராக இருப்பவர், வழக்கறிஞரின் ஆலோசனைப்படி, அந்த வழக்குக்காக ஒதுக்கிவைத்த ஆவணங்களைத் திறக்கக் கூடாது. இரண்டும் தனித்தனியே நியாயமானவை. இப்போது, பங்காளியாகவும் அந்த வழக்கில் கட்சிக்காரராகவும் இருக்கும் ஒருவர் 1936-ஆம் ஆண்டுப் பேரேட்டைக் கேட்கிறார். அந்தப் பேரேடு வழக்குக்காக ஒதுக்கப்பட்டவற்றில் ஒன்று. முதல் விதி ‘கொடு’ என்கிறது, இரண்டாவது ‘கொடுக்காதே’ என்கிறது.

வரிசை முறையில் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியின் தீர்ப்பே இறுதி என்று கொள்கிறோம். லினக்ஸில் இணையப் போக்குவரத்தை வடிகட்டும் iptables இப்படித்தான் இயங்குகிறது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் அதே வேலையைச் செய்யும் pf இதற்கு நேர்மாறு. அதில் quick என்று குறிக்காத வரை கடைசியாகப் பொருந்தும் விதியே வெல்லும். வரிசை முறை எழுதுவதற்கு எளிது, வேகமானது, விதிவிலக்கைப் பொது விதிக்கு மேலே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்த நன்மைகள்.

இதன் சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. புதிய விதியை எழுதுபவர் பெரும்பாலும் பட்டியலின் அடியில்தான் சேர்ப்பார். iptables-இல் -A என்று கொடுத்தாலும் அது அடியில்தான் போய்ச் சேரும். மேலே இருக்கும் ஒரு விதி புதிய விதியை முழுவதும் மறைத்துவிட்டால் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு விதியும் எத்தனை முறை பொருந்தியது என்ற எண்ணிக்கையை iptables -L -v -n காட்டிவிடும். மாதக் கணக்கில் சுழியத்திலேயே நிற்கும் விதி மறைந்து கிடக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். ஆனால் பாதி மறைவை இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. மேலே சொன்ன வழக்கு விதி அடியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே கட்சிக்காரர் வழக்கிலுள்ள பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கேட்கும்போது, அது பேரேடு அல்லாததால் பங்காளி விதி பொருந்தாது. வழக்கு விதி அவரைத் தடுக்கும், எண்ணிக்கையும் ஏறும். விதி வேலை செய்கிறது என்றே பார்ப்பவர் நம்புவார். ஆனால் அவர் பேரேட்டைக் கேட்டால் மேலுள்ள பங்காளி விதியே முந்திக்கொண்டு திறந்துவிடும். ஒரு தடை சில ஆவணங்களில் உயிரோடும் சிலவற்றில் செத்தும் இருக்கிறது என்பதை அறிய, அந்த விதிக்கு மேலுள்ள ஒவ்வொரு வரியையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிறப்பு விதி முறையில், எது குறுகிய எல்லைக்கு எழுதப்பட்டதோ அது பொதுவானதை வெல்லும். சட்ட விளக்கத்திலும் பொதுச் சட்டத்துக்கு மேல் சிறப்புச் சட்டத்தை வைக்கும் வழக்கம் இருப்பதால், இது நியாயமாகவே தோன்றுகிறது. இணையத்தில் ரௌட்டர்கள் முகவரியின் நீளமான முன்னொட்டு பொருந்தும் பாதையைத் தேர்ந்தெடுப்பதும் இதே முறைதான். தேடுபொறிகளுக்கான robots.txt கோப்பை 2022-இல் தரப்படுத்திய ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமும், அதிக நீளத்துக்குப் பொருந்தும் விதியையே எடுக்கச் சொல்கிறது. நீளம் சமமாக இருந்தால் அனுமதியை ஏற்க வேண்டும் என்கிறது.

இவ்விடங்களில் இது வெற்றி பெறுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. முன்னொட்டுகள் இரண்டை எடுத்துக்கொண்டால், ஒன்று மற்றொன்றுக்குள் முழுவதும் அடங்கியிருக்கும், அல்லது இரண்டுக்கும் தொடர்பே இருக்காது. பாதி மட்டும் மேற்படிவது அங்கே இயலாது. ஆகவே எது குறுகியது என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே விடைதான். மனிதர்களையும் ஆவணங்களையும் பற்றிய விதிகள் அப்படி அமைவதில்லை. பங்காளிகளில் பெரும்பாலோர் வழக்கில் இல்லை; கட்சிக்காரர்களிலோ கடையை வாடகைக்கு எடுத்தவர் போன்ற வெளியாட்களும் உண்டு. பேரேடுகளில் பலவும் வழக்குக்கு வராதவை. வழக்கு ஆவணங்களில் பத்திரங்களும் உண்டு. இரண்டு விதிகளில் எதுவும் மற்றதற்குள் அடங்காதபோது சிறப்பு எது, பொது எது என்று சொல்வதற்கு இடமே இல்லை. இதைச் சமாளிக்கச் சிலர் ஆளின் பெயர் இருந்தால் இத்தனை மதிப்பெண், குழுவின் பெயர் இருந்தால் இத்தனை என்று கணக்கு வைக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணைத் தருபவர் தம் விருப்பப்படியே தருகிறார் என்பதால், வரிசை முறையில் கண்ணுக்குத் தெரிந்த முன்னுரிமை இங்கே எண்களுக்குள் ஒளிந்துகொள்கிறது.

நான் தேர்ந்தெடுத்த முறையில், பொருந்தும் விதிகளுள் ஒன்றேனும் தடை விதித்தால் முடிவு தடைதான். தடை ஏதுமின்றி அனுமதி இருந்தால் திறக்கலாம். எந்த விதியும் பொருந்தாவிட்டால் மூடியே இருக்கும். அமேசானின் மேகச் சேவையில் வெளிப்படையான தடையை எந்த அனுமதியாலும் மீற முடியாது என்பதும், அணுகல் விதிகளுக்கான ஓயாசிஸ் அமைப்பின் எக்ஸ்ஏசிஎம்எல் தரத்தில் deny-overrides என்று பெயரிட்டிருப்பதும் இதுவே. அந்தத் தரத்தில் முதலில் பொருந்துவதை ஏற்கும் first-applicable, அனுமதியே வெல்லும் permit-overrides ஆகியவையும் உண்டு.

```python
def decide(rules, req):
    hits = [r for r in rules if r.matches(req)]
    if any(r.effect == "deny" for r in hits):
        return "deny", hits
    if any(r.effect == "allow" for r in hits):
        return "allow", hits
    return "deny", hits
```

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு ஒன்றே. அந்த வீட்டில் நிர்வாகம் பங்காளிகளிடையே முறை மாறி வருகிறது. விதியைச் சேர்ப்பவர் பழைய விதிகள் அனைத்தையும் படித்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. தடை வெல்லும் முறையில் விதிகளை எந்த வரிசையில் கலைத்துப் போட்டாலும் தீர்ப்பு மாறாது. புதிய தடை ஒன்றைச் சேர்த்தால் எந்தப் பூட்டும் திறக்காது. புதிய அனுமதி ஒன்றைச் சேர்த்தால் ஏற்கெனவே உள்ள எந்தத் தடையும் உடையாது. ஆகவே அனுமதி விதி எழுதுபவர் தடைகளை மட்டும் படித்துப் பார்த்தால் போதும்.

அந்தப் படிப்பு எளிதாக இருக்க வேண்டுமானால் தடைகள் சிலவாகவே இருக்க வேண்டும். ‘விருந்தினர் சாதகங்களைப் பார்க்கக் கூடாது’ என்பது போல மக்கள் சொல்லும் தடைகளில் பெரும்பாலானவை உண்மையில் தடைகளே அல்ல. அனுமதி தரப்படவில்லை என்பதையே அவை சொல்கின்றன. விதி இல்லாவிட்டால் மூடியிருக்கும் என்ற ஏற்பாடே அதைக் கவனித்துக்கொள்ளும். பின்னாளில் ஒரு விருந்தினருக்கு ஒரு சாதகத்தைக் காட்ட வேண்டி வந்தால் ஓர் அனுமதி விதி போதும். அதையே வெளிப்படையான தடையாக எழுதியிருந்தால், அதை மீற வழியில்லாமல் தடையையே திருத்த வேண்டியிருக்கும். யார் அனுமதித்தாலும் திறக்கக் கூடாதவற்றுக்கு மட்டுமே தடை விதி என்று வகுத்துக்கொண்ட பிறகு, நாங்கள் எழுதிவைத்த தடைகள் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன.

நிரல் தீர்ப்போடு பொருந்திய விதிகளையும் சேர்த்தே திருப்பித் தருவதைக் கவனிக்கலாம். வீட்டுக் கணக்குகளைப் பல காலம் பார்த்துவந்த பெரியவர் ஒருவர், “ஏன் தம்பி, ஏடு திறக்கலைன்னா எந்த விதி தடுத்ததுன்னு அதுவே சொல்லுமா?” என்று கேட்டார். சொல்லாவிட்டால் பங்காளிகளிடையே மனத்தாங்கல்தான் மிஞ்சும் என்று அவர் அஞ்சியது சரியே. தீர்ப்புக்கு எந்த விதிகள் காரணம் என்பதைத் திரையிலேயே காட்டுகிறோம். ஒரே கோரிக்கைக்கு அனுமதியும் தடையும் சேர்ந்து பொருந்தியவற்றைத் தனிப் பதிவாகவும் சேர்க்கிறோம். முரண் எங்கே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. வரிசை முறையில் முதல் பொருத்தத்திலேயே நிரல் நின்றுவிடுவதால் இத்தகைய பதிவு தானாகக் கிடைக்காது.

இதற்கும் குறைகள் உண்டு. வழக்கறிஞர் பங்காளிகளில் ஒருவராகவும் அதே வழக்கில் கட்சிக்காரராகவும் இருந்துவிட்டால், அவருக்கு மட்டும் விலக்களிக்கத் தனி அனுமதி விதியால் இயலாது. ‘வழக்கறிஞராக இல்லாத கட்சிக்காரர்’ என்று தடையின் நிபந்தனைக்குள்ளேயே எழுத வேண்டும். விலக்குகள் பெருகினால் அந்த நிபந்தனை படிக்க முடியாத அளவுக்கு நீண்டுவிடும். அகலமாக எழுதிய ஒரு தடை நிர்வாகியையும் வெளியே நிறுத்திவிடும் என்பதால், விதிகளைத் திருத்தும் உரிமையை இந்த விதிகளின் ஆளுகைக்கு வெளியே தனிக் கணக்கில் வைத்திருக்கிறோம்.

இவற்றைவிட ஆபத்தானது விடுபட்ட தகவல். ஆவணத்தை ஏற்றும்போது ‘வழக்கு’ என்ற கட்டத்தை யாரும் நிரப்பாமல் விட்டால், வழக்கு விதியின் நிபந்தனை பொய்யாகிவிடும்; தடை பொருந்தவே பொருந்தாது. பங்காளி விதியின் அனுமதி எதிர்ப்பின்றி வெல்லும், முரண் பதிவிலும் எதுவும் வராது. ஆகவே தடை விதி பார்க்கும் கட்டம் வெறுமையாக இருந்தால் அந்தத் தடை பொருந்துவதாகவே கொள்ள வேண்டும். அனுமதி விதிக்கு வெறுமை என்றால் பொருந்தவில்லை என்று கொள்ள வேண்டும். இந்த வேறுபாடு matches என்ற செயற்கூறுக்குள் இல்லாவிட்டால், மேலே உள்ள சில வரிகள் தரும் பாதுகாப்பு பெயரளவில்தான் இருக்கும். ஒன்று முழுவதும் நிரம்பியது, ஒன்று கட்டங்கள் வெறுமையானது என இரண்டு மாதிரி ஆவணங்களைக் கொண்டு ஒவ்வொரு தடையையும் சோதித்தால் இது தெரிந்துவிடும்.

ஆயிரக்கணக்கான விதிகள் உள்ள அமைப்பில் இம்முறையை நான் பராமரித்ததில்லை என்பதால், வேகத்தைப் பற்றி உறுதியாகப் பேச மாட்டேன். எல்லா விதிகளையும் சோதிப்பதைவிட முதல் பொருத்தத்தில் நிற்பது மலிவு என்பது மட்டும் தெளிவு. அவசர நோயாளியின் குறிப்பைத் திறக்க முடியாமல் போவதே பெரிய கேடாக அமையும் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு permit-overrides பொருத்தமாக இருக்கலாம். அதே வீட்டின் இணைய இணைப்புக்குக் காவலாக iptables-இன் வரிசை முறையையே வைத்திருக்கிறேன். அங்கே விதிகள் ஒருவரது கையால் மட்டும் எழுதப்படுகின்றன. முழுப் பட்டியலும் ஒரு திரைக்குள் அடங்கிவிடுகிறது.